ஒரு லோரியும் இரண்டு தேய்மானக் கணக்குகளும்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் கணக்கேட்டு வகுப்புக்குப் படிவம் ஐந்து மாணவர்களோடு சிறு குத்தகையாளர்கள் சிலரும் வருகிறார்கள். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர், சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிக்காரர், கணக்காய்வாளர் தயாரித்துக் கொடுத்த இலாப நட்டக் கணக்கை மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். "சார், தேய்மானம் பதினைந்தாயிரம் வெள்ளின்னு போட்டிருக்காங்க. நான் யாருக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்கலையே, அது எந்த பேங்க்ல இருக்கு?" என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களிலும் பாதிப் பேருக்கு அதற்கு விடை தெரியாது என்பதால், அவருடைய லோரியையே எடுத்துக்காட்டாக வைத்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

அந்தப் பணம் எந்த வங்கியிலும் இல்லை. லோரி வாங்கிய அன்றே முழுத் தொகையும் விற்றவரிடம் போய்விட்டது. ஆனால் லோரி ஐந்து ஆண்டுகள் உழைக்கப் போகிறது என்றால், அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அப்படிச் செய்தால் முதல் ஆண்டு பெரும் நட்டத்தையும், அடுத்த நான்கு ஆண்டுகள் இல்லாத இலாபத்தையும் காட்டும். எனவே விலையை உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டின் வருமானத்துக்கு எதிராகவும் அதற்குரிய பங்கைச் செலவாகக் காட்டுகிறோம். தேய்மானம் என்பது அந்தப் பங்கீடுதான். அது புதிய லோரி வாங்குவதற்கான சேமிப்பு அன்று. சேமிக்க விரும்புகிறவர் தனியாகத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

எதைப் பங்கிடுவது?

லோரியின் விலை 84,000 வெள்ளி. குலை ஏற்றுவதற்கான பின்தொட்டியைப் பொருத்த 6,000 வெள்ளி ஆயிற்று. தொட்டி இல்லாமல் அந்த லோரி செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாது என்பதால் இரண்டும் சேர்ந்த 90,000 வெள்ளியே அடக்கவிலை. சாலை வரியும் காப்புறுதியும் ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் செலவுகள்; தவணைக் கடனுக்கான வட்டி கடனுக்குரிய செலவு. இம்மூன்றையும் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது. தோட்டப் பாதையில் ஓடும் வண்டி என்பதால் பயன்படும் காலத்தை 5 ஆண்டுகள் என்றும், அதன் முடிவில் விற்றால் கிடைக்கக்கூடிய எஞ்சிய மதிப்பை 15,000 வெள்ளி என்றும் உரிமையாளர் மதிப்பிட்டார். அடக்கவிலைக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. மற்ற இரண்டும் மதிப்பீடுகள். லோரி 2021 சனவரி 2ஆம் நாள் வாங்கப்பட்டது. கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது.

நேர்கோட்டு முறை

அடக்கவிலையிலிருந்து எஞ்சிய மதிப்பைக் கழித்து, வரும் தொகையைப் பயன்படும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 90,000இலிருந்து 15,000 போக 75,000. அதை 5ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 15,000 வெள்ளி.

| ஆண்டு | தொடக்க ஏட்டு மதிப்பு | ஆண்டின் தேய்மானம் | திரண்ட தேய்மானம் | இறுதி ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|---|
| 2021 | 90,000 | 15,000 | 15,000 | 75,000 |
| 2022 | 75,000 | 15,000 | 30,000 | 60,000 |
| 2023 | 60,000 | 15,000 | 45,000 | 45,000 |
| 2024 | 45,000 | 15,000 | 60,000 | 30,000 |
| 2025 | 30,000 | 15,000 | 75,000 | 15,000 |

ஏட்டில் பதியும்போது தேய்மானச் செலவுக் கணக்கைப் பற்றிலும், திரண்ட தேய்மானக் கணக்கை வரவிலும் எழுத வேண்டும். லோரிக் கணக்கு 90,000 வெள்ளியிலேயே நிற்கும். ஐந்தொகையில்தான் திரண்ட தேய்மானத்தைக் கழித்து ஏட்டு மதிப்பைக் காட்டுவோம்.

குறைந்து செல்லும் மீதி முறை

இங்கே விழுக்காடுதான் மாறாதது. அது எந்தத் தொகையின் மீது விழுகிறதோ அந்தத் தொகை ஆண்டுதோறும் சுருங்குகிறது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்க ஏட்டு மதிப்பையும் விழுக்காட்டால் பெருக்கினால் அந்த ஆண்டின் தேய்மானம் கிடைக்கும். இந்த லோரிக்கு 30 விழுக்காடு எடுத்துக்கொள்வோம்.

| ஆண்டு | தொடக்க ஏட்டு மதிப்பு | 30% தேய்மானம் | திரண்ட தேய்மானம் | இறுதி ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|---|
| 2021 | 90,000.00 | 27,000.00 | 27,000.00 | 63,000.00 |
| 2022 | 63,000.00 | 18,900.00 | 45,900.00 | 44,100.00 |
| 2023 | 44,100.00 | 13,230.00 | 59,130.00 | 30,870.00 |
| 2024 | 30,870.00 | 9,261.00 | 68,391.00 | 21,609.00 |
| 2025 | 21,609.00 | 6,482.70 | 74,873.70 | 15,126.30 |

ஐந்தாம் ஆண்டின் முடிவில் 15,000 வராமல் 15,126.30 வந்திருப்பதைக் கவனியுங்கள். பிழை எதுவும் இல்லை. சரியாக 15,000இல் போய் நிற்கும் விழுக்காடு 30.12க்குச் சற்றுக் குறைவு. நாம் அதை 30 என்று முழுமையாக்கிக்கொண்டோம். தேர்வில் விழுக்காட்டைக் கொடுத்திருந்தால், கொடுத்தபடியே கணக்கிட்டு விட்டுவிடுங்கள். சொந்தக் கணக்கில் எஞ்சிய மதிப்பு 15,000இல் நிற்க வேண்டும் என்று விரும்பினால், கடைசி ஆண்டுத் தேய்மானத்தை 6,609 வெள்ளியாக எழுதிக்கொள்ளலாம்.

விழுக்காட்டைத் தாமே கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் எக்செல் தாளில் இவற்றைத் தட்டிப் பார்க்கலாம்:

```
=1-(15000/90000)^(1/5)
=SLN(90000,15000,5)
=DB(90000,15000,5,1)
```

முதல் வரி விழுக்காட்டையும், இரண்டாவது நேர்கோட்டு முறைத் தேய்மானமான 15,000ஐயும் தரும். மூன்றாவது 27,000 என்று காட்டாமல் 27,090 என்று காட்டுவதற்குக் காரணம், அந்தக் கட்டளை விழுக்காட்டைத் தானாகக் கணித்து, மூன்று தசம இடங்களுக்கு முழுமையாக்கி, 0.301 என்று எடுத்துக்கொள்வதே.

இந்த முறையில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழக்கத்தால் எஞ்சிய மதிப்பை முதலிலேயே கழித்துவிட்டு 75,000க்கு 30 விழுக்காடு, அதாவது 22,500 என்று எழுதுவது. விழுக்காட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே எஞ்சிய மதிப்பு அதற்குள் அடங்கிவிட்டது; மறுபடியும் கழித்தால் இரட்டிப்பாகும். மற்றொன்று, இரண்டாம் ஆண்டிலும் 90,000க்கே 30 விழுக்காடு போடுவது. அப்படிப் போட்டால் ஆண்டுக்கு 27,000 வீதம் நான்காம் ஆண்டில் திரண்ட தேய்மானம் 1,08,000 ஆகி, லோரியின் விலையையே தாண்டிவிடும். என் மேசையில் திருத்தத்துக்கு வரும் தாள்களில் இந்த இரண்டாவது பிழைதான் அதிகம்.

நடுவில் விற்றால்

இரு முறைகளின் உறவு உண்மையில் விளங்கும் இடம் இதுதான். 2023 டிசம்பர் 31 அன்று அந்த லோரியை 40,000 வெள்ளிக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் அன்றைய ஏட்டு மதிப்பு 45,000. ஆகவே விற்பனையில் 5,000 வெள்ளி நட்டம். குறைந்து செல்லும் மீதி முறையில் ஏட்டு மதிப்பு 30,870. ஆகவே 9,130 வெள்ளி இலாபம். ஒரே லோரி, ஒரே விலை, வாங்கியவரும் ஒருவரே. ஒரு புத்தகம் நட்டம் என்கிறது, மற்றொன்று இலாபம் என்கிறது.

மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் முறையில் தேய்மானம் 45,000, அதோடு விற்பனை நட்டம் 5,000, மொத்தம் 50,000. இரண்டாவதில் தேய்மானம் 59,130, அதிலிருந்து விற்பனை இலாபம் 9,130ஐக் கழித்தால் அதே 50,000. வாங்கிய 90,000க்கும் விற்ற 40,000க்கும் உள்ள வித்தியாசமே அது. எந்த முறையைப் பிடித்தாலும் லோரி தின்ற மொத்தப் பணம் மாறுவதில்லை. அது எந்தெந்த ஆண்டின் கணக்கில் எவ்வளவு உட்காருகிறது என்பது மட்டுமே மாறுகிறது. இதைச் சொன்னபோதுதான் நம் லோரிக்காரர் சற்றுத் தணிந்தார்.

ஆண்டின் நடுவில் வாங்கினால் மாதக் கணக்குப் பார்ப்பது பொதுவான வழக்கம். சூலை 1ஆம் நாள் வாங்கியிருந்தால் முதல் ஆண்டுக்கு நேர்கோட்டு முறையில் 7,500, மற்றதில் 13,500. அடுத்த ஆண்டு மீதி 76,500க்கு முழு 30 விழுக்காடு, அதாவது 22,950. தேர்வுத் தாளில் வேறு கொள்கை சொல்லப்பட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

எதை எதற்கு வைப்பது?

பொருள் தன் பயனை எப்படித் தருகிறதோ, முறையும் அதைப் பின்பற்ற வேண்டும் என்பதே கணக்கியல் தரங்களின் விதி. கட்டடம், வேலி, அலுவலக மேசை நாற்காலி போன்றவை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தருவதால் அவற்றுக்கு நேர்கோட்டு முறை பொருந்தும். லோரி அப்படி அன்று. முதல் ஆண்டில் பழுதுபார்க்கும் செலவு 800 வெள்ளியும் ஐந்தாம் ஆண்டில் 12,000 வெள்ளியும் ஆனால், நேர்கோட்டு முறையில் லோரியின் சுமை 15,800இலிருந்து 27,000க்கு ஏறும். மற்ற முறையில் 27,800இலிருந்து 18,482.70க்கு இறங்கும். புதிதாக இருக்கும்போது அதிகம் ஓடிச் சம்பாதித்து, பழசானபின் பட்டறையில் அதிக நாள் நிற்கும் வண்டிக்கு இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆனாலும் எளிமைக்காகப் பலர் நேர்கோட்டிலேயே நிற்கிறார்கள், அதுவும் தவறில்லை. நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது.

தோட்டத்துப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்கும் ஒரு செய்தி: செம்பனை மரத்துக்கும் தேய்மானம் உண்டு. சர்வதேசக் கணக்கியல் தரங்களில் செய்யப்பட்ட திருத்தம் 2016 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பலன் தரும் மரம் இயந்திரத்தைப் போன்ற சொத்தாகவே கருதப்படுகிறது. மரத்தில் வளரும் குலை மட்டும் தனி வகை.

வரிக்கு வேறு கணக்கு

மேலே கண்ட இரண்டு அட்டவணைகளில் எதையும் வருமான வரிக்குக் கொண்டு செல்ல முடியாது. வரிக் கணக்கில் தேய்மானத்தை இலாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மூலதனக் கழிவைத்தான் கேட்க வேண்டும். பொது விகிதப்படி இத்தகைய லோரிக்குத் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 20 விழுக்காடு. இரண்டும் அடக்கவிலையின் மீதே.

| ஆண்டு | தொடக்கக் கழிவு | ஆண்டுக் கழிவு | கழியாத மீதி |
|---|---|---|---|
| 2021 | 18,000 | 18,000 | 54,000 |
| 2022 | – | 18,000 | 36,000 |
| 2023 | – | 18,000 | 18,000 |
| 2024 | – | 18,000 | 0 |

நான்கே ஆண்டுகளில் வரிப் புத்தகத்தில் லோரி தீர்ந்துவிடுகிறது. வணிகப் புத்தகத்திலோ அப்போதும் 30,000 அல்லது 21,609 வெள்ளி நிற்கிறது. ஆகவே இந்த வரிக் கழிவு அட்டவணையைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளும்படி லோரிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.