நீக்கப்பட்ட சேலைப் பட்டியல் (KS-2147): மறுபரிசீலனை வேண்டி

விற்பனையாளர் உதவிக் குழுவினருக்கு,

வணக்கம். நேற்று காலை எங்கள் காஞ்சிப் பட்டுச் சேலைப் பட்டியலை "போலிப் பொருள்" என்று நீக்கியிருக்கிறீர்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் "ஒட்டுப் போட்ட கோடு" தெரிகிறது என்று வாங்கியவர் அனுப்பிய படம்தான் காரணம் என்கிறது உங்கள் மின்னஞ்சல்.

அந்தக் கோடுதான் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஊடிழை ஓட்டும் மூன்று நாடாக்களை வைத்து, அந்த இழைகளைக் கோத்துக் கோத்துத் தறியிலேயே இணைப்பார்கள். பின்பக்கம் ரம்பப் பல் போல ஒரு வரி விழும். தைத்ததோ ஒட்டியதோ இல்லை. உண்மையில், இது வேலைப்பாடு கூடிய சேலை என்பதற்கான அடையாளம்!

சரி, என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய ஜிஎஸ்டி பில், சேலையில் தொங்கும் சில்க் மார்க் சீட்டின் இருபுறப் படங்கள், கோர்வையை நெருக்கத்தில் காட்டும் வீடியோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். சீட்டில் உள்ள எண்ணை நீங்களே சில்க் மார்க் அமைப்பிடம் சரிபார்க்கலாம். முந்தானை ஓரத்து நூல் ஒன்றை எரித்தும் காட்டியிருக்கிறேன். முடி கருகும் வாடை வரும் (அதை வீடியோவில் அனுப்ப முடியாது), சாம்பல் விரலில் பொடியாகிறது. பாலியஸ்டர் என்றால் உருகிக் கட்டியாகும்.

பட்டியலைத் திரும்பச் சேர்த்து, கணக்கில் விழுந்த எச்சரிக்கையையும் நீக்குங்கள். அப்புறம், தயவுசெய்து தானியங்கிப் பதில் வேண்டாம். படங்களை ஒருவர் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
செல்வராணி
காஞ்சிபுரம்