20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ரிவ்யூ: திருத்திய ஸ்கிரிப்ட்

வணக்கம். என் காசில் வாங்கிய பவர்பேங்க் இது, 3 வாரமாகப் பையிலேயே கிடக்கிறது. முதலில் எழுதிய ஸ்கிரிப்டை "பாதிக் கொள்ளளவைக் காணோம், ஏமாற்றுகிறார்கள்" என்றுதான் ஆரம்பித்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். காரணம் இதோ.

(திரையில்: யூஎஸ்பி மீட்டர், கிட்டத்தில்)

மூன்று தடவை முழுசாக ஏற்றி, முழுசாக இறக்கிப் பார்த்தேன். மீட்டரில் வந்தது 12,300 எம்ஏஎச் சொச்சம். பார்த்ததும் எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லுக்கு, 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. பெருக்கினால் 74 வாட் ஹவர். வெளியே வருவதோ 5 வோல்ட், அதில் நான் அளந்தது 61.5 வாட் ஹவர். அதாவது 83 சதவீதம் கைக்கு வருகிறது, மிச்சம் வோல்டேஜை ஏற்றுவதிலும் சூட்டிலும் போகிறது, எந்த பவர்பேங்கிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். இதைக் குறை என்று சொன்னால் அநியாயம். நிறைப் பக்கம் மாற்றிவிட்டேன்.

பெட்டி முகப்பில் "போனை 4 முறை சார்ஜ் செய்யலாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அது வேறு கதை. என் போன் 5,000 எம்ஏஎச். இரண்டு முறை முழுசாக ஏறியது, மூன்றாவது முறை 70 சதவீதத்தில் நின்றுவிட்டது. எந்த போனை வைத்து 4 என்றார்கள் என்று பெட்டியில் எங்கேயும் இல்லை. இது குறைதான்.

இயர்பட்ஸ் போட்டால் அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்று திட்டி வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த கரண்ட் மோடுக்குப் போகும், கையேட்டில் இருக்கிறது, நான் படிக்கவில்லை.

நிஜமாகவே கடுப்பேற்றியது இரண்டு போன் விஷயம். ஒரு போன் மட்டும் செருகினால் 18 வாட், 20-இல் இருந்து 80 சதவீதத்துக்கு 50 நிமிடம். பக்கத்தில் இன்னொன்றையும் செருகினால் இரண்டுக்கும் சேர்த்தே 15 வாட்தான், அதே 60 சதவீதம் ஏற 1 மணி 50 நிமிடம் ஆனது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், முன்பக்கம் "டூயல் ஃபாஸ்ட் சார்ஜ்" என்கிறார்கள்.

எடை 412 கிராம். இந்தக் கொள்ளளவுக்கு அவ்வளவு இருக்கும், விடுங்கள்.

சரி, வாங்கலாமா? உங்களிடம் ஒரு போன், இரண்டு நாள் ப்ளக் கிடைக்காத பயணம் என்றால் தாராளமாக வாங்கலாம், அந்த 83 சதவீதத்தை நம்பித்தான் சொல்கிறேன். இரண்டு போனை ஒரே நேரத்தில் வேகமாக ஏற்றுவதற்காக என்றால் வேண்டாம். பழைய ஸ்கிரிப்டில் 10-க்கு 5 போட்டிருந்தேன். இந்த இரண்டு பேருக்கும் ஒரே மார்க் எப்படிப் பொருந்தும், அதனால் எடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து செல் எப்படி இருக்கும் என்பதை 3 வாரத்தில் சொல்ல முடியாது, அதைப் பற்றி இந்த வீடியோவில் எதுவும் இல்லை.