விலை மதிப்பீடு: கல் பதித்த நெக்லஸ் (22 காரட், 916)

கடை: மதுரை, தெற்காவணி மூல வீதி
இது எஸ்டிமேட் மட்டும், பில் அல்ல. இன்று கடை அடைக்கும் வரை செல்லும்.

இன்றைய விலை: கிராம் ₹9,200 (பவுன் ₹73,600)

மொத்த எடை: 25.460 கிராம்
கல், அரக்கு கழிவு: 1.340 கிராம்
நிகர எடை: 24.120 கிராம்

தங்கம் (24.120 × 9,200): ₹2,21,904.00
சேதாரம் 12% (2.894 கிராம்): ₹26,624.80
செய்கூலி (கிராமுக்கு ₹150): ₹3,618.00
கல் விலை: ₹1,850.00
கூட்டுத்தொகை: ₹2,53,996.80

சிஜிஎஸ்டி 1.5%: ₹3,809.95
எஸ்ஜிஎஸ்டி 1.5%: ₹3,809.95
ஹால்மார்க் கட்டணம் (₹45 + 18% ஜிஎஸ்டி): ₹53.10
நகை விலை: ₹2,61,669.80

பழைய செயின்: உருக்கிய பின் 7.800 கிராம், தங்கத்தின் தூய்மை 87.50 டச்
916 கணக்கில் 7.451 கிராம் × 9,200: ₹68,549.20 கழிவு

செலுத்த வேண்டியது: ₹1,93,120.60, முழுத் தொகையாக ₹1,93,121

அம்மா, வீட்டில் போய்க் கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கல்லின் எடைக்குத் தங்க விலை போடவில்லை. போட்டிருந்தால் அந்த 1.340 கிராமுக்கு மட்டும் ₹12,328, அதன் மேல் சேதாரம் வேறு. எந்தக் கடையானாலும் நிகர எடையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சேதாரம் முதலில் 14% சொன்னோம். நீங்கள் கேட்டதால் 12% ஆக்கியிருக்கிறோம். இந்த மாடலில் கல் வைக்கும் கைவேலை அதிகம், இதற்குக் கீழே இறங்க முடியாது. வேறு கடையில் 9% என்றால் செய்கூலி எவ்வளவு என்று உடனே கேளுங்கள். கிராமுக்கு ₹600 என்றால் அதுவே தங்க விலையில் ஆறரை சதவீதம். இரண்டும் சேர்ந்து பதினைந்தரை ஆகிவிடும். எங்களுடையது இரண்டும் சேர்த்து 13.63%.

பழைய தங்கத்தைக் கழித்த மீதிக்குத்தான் ஜிஎஸ்டி போட வேண்டும் என்று நேற்று அண்ணன் கேட்டார். அப்படிப் போட முடியாது. புது நகையின் முழு விலைக்கும் 3% உண்டு. செயினுக்குத் தரும் விலையில் நாங்கள் வரி எதுவும் பிடிக்கவில்லை.

நாளை வந்தால் நாளைய விலை. கிராமுக்கு ₹100 ஏறினால் நகை விலை ₹2,782 கூடும். உங்கள் செயினுக்கும் ₹745 கூடுதலாகக் கிடைப்பதால் கையிலிருந்து போவது ₹2,037. இறங்கினாலும் இதே கணக்குதான்.

பின்னால் மாற்ற வந்தால் தங்கத்துக்கு அன்றைய விலை கிடைக்கும். சேதாரம், செய்கூலி, கல் விலை, வரி திரும்பாது.

நகை விலை இரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் பில் போடும்போது பான் கார்டு வேண்டும். நெக்லஸின் கொக்கிக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எச்யுஐடி எண் இருக்கிறது. அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.