சபையாருக்கு 2024–25 ஆண்டின் வரவு செலவு விளக்கம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு வந்தனம்.

போன வருஷம் சபைக் கூட்டத்தில் நான் கணக்கு வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்கள்: “இவ்வளவு நேரம் வாசித்தீர்களே தம்பி, நம்மிடம் பணம் இருக்கிறதா, இல்லையா?” அரைமணி நேரம் எண்களை வாசித்தும் அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கவில்லை. இந்த வருஷம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பணம் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. எதனால் குறைந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன். இது 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான கணக்கு.

வந்தது

சபையின் அன்றாட நடப்புக்கென்று இந்த ஆண்டு வந்த தொகை 12,41,500 ரூபாய்.

சங்கக் காணிக்கை: 4,36,800
அறுப்பின் பண்டிகை, ஏலம் உட்பட: 3,05,750
ஞாயிறு காணிக்கை: 2,18,450
ஸ்தோத்திரக் காணிக்கை: 1,74,200
சமுதாயக்கூட வாடகை: 62,000
வங்கி வட்டி: 26,300
தென்னை, பனை குத்தகை: 18,000

பெரிய தொகை சங்கக் காணிக்கைதான். பேர்ப்பதிவில் 142 குடும்பங்கள் இருக்கின்றன. 96 குடும்பங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட தொகையை முழுமையாகச் செலுத்திவிட்டன. 31 குடும்பங்கள் ஒரு பகுதியைச் செலுத்தியிருக்கின்றன. 15 குடும்பங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரவேண்டிய பாக்கி 66,000 ரூபாய். பாக்கிதாரர் பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனை கமிட்டியில் வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. கமிட்டியும் அதை விட்டுவிட்டது. வெள்ளத்தில் வாழைத்தோட்டத்தை இழந்த வீடுகள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் ஐயரவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொகையைக் குறைத்துப் பதிந்துகொள்கிறோம். அதற்காக யாரும் திருவிருந்துக்கு வரக் கூச்சப்பட வேண்டாம்.

ஸ்தோத்திரக் காணிக்கையில், வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை விற்ற பணம் 14,600 ரூபாயும் சேர்ந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு பிடியாகச் சேர்ந்த தொகை அது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் சபையில் பிறந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தார், ஒரு பலாப்பழத்தை 40,000 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் அது ஒவ்வொரு வருஷமும் வரும் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு பலாப்பழம் இல்லாதிருந்தால் இந்த வருஷக் கணக்கு பற்றாக்குறையில் முடிந்திருக்கும். ஏலத்தில் எடுத்த பொருளுக்கு இன்னும் பணம் கட்டாதவர்களிடமிருந்து வரவேண்டியது 22,500 ரூபாய். கைக்கு வராத பணம் என்பதால் அதை வரவில் சேர்க்கவில்லை.

போனது

செலவு 12,10,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம்.

திருமண்டலத்துக்குச் செலுத்திய பங்கு: 5,40,000
பண்டிகைகள்: 1,46,200
கோயில்பிள்ளை, துப்புரவுப் பணியாளர் சம்பளம்: 1,20,000
மிஷனெரி ஊழியம்: 96,000
பழுதுபார்த்தல், ஒலிபெருக்கி: 87,300
ஏழைகள், மருத்துவ உதவி: 72,000
மின்சாரம்: 68,400
ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி: 58,900
எழுதுபொருள், தணிக்கை முதலியன: 21,700

நாம் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 45 ரூபாய் திருமண்டலத்துக்குப் போகிறது. “நம் காணிக்கையை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஐயரவர்களின் சம்பளம் நம் உண்டியலிலிருந்து நேராகப் போவதில்லை. எல்லாச் சபைகளும் செலுத்தும் பங்கு ஓரிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து எல்லா ஊழியர்களுக்கும் சம்பளம் வருகிறது. இருபது வீடு மட்டுமே உள்ள சின்னச் சபைக்கும் ஒரு போதகர் போய்த் திருவிருந்து கொடுக்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். நம் சபையும் ஒரு காலத்தில் அப்படிச் சின்னதாக இருந்து, மற்றச் சபைகளின் பங்கில் வளர்ந்ததுதான்.

பண்டிகைச் செலவில் ஒரு தவறு நடந்தது. கிறிஸ்துமஸ் பந்தலுக்கும் விளக்குக்கும் கமிட்டி அனுமதித்தது 40,000 ரூபாய், செலவானது 58,000. கடைசி வாரத்தில் மழை வந்து தகரக் கொட்டகை போட வேண்டியிருந்தது உண்மை. ஆனாலும் கூடுதல் செலவுக்கு முன்கூட்டியே கமிட்டியின் ஒப்புதலை நான் வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. இனி 5,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகும் எந்தச் செலவும் கமிட்டி கையெழுத்து இல்லாமல் நடக்காது என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம்.

தணிக்கையாளர் வேறொரு குறையையும் காட்டினார். மின்விசிறி வேலைக்குக் கொடுத்த 3,400 ரூபாய்க்கு ரசீது இல்லை. வேலை நடந்தது, விசிறிகள் ஓடுகின்றன; ஆனால் தாள் இல்லை. தாள் இல்லாத செலவை நம்புங்கள் என்று சபையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. வேலை செய்தவரிடம் கையெழுத்து வாங்கி இப்போது கோப்பில் வைத்திருக்கிறோம்.

12,41,500 வந்து 12,10,500 போனதில் மீதி 31,000 ரூபாய்.

மதில், தளம், வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஓடியது. நம் ஆலயத்தின் வடக்கு மதில் சாய்ந்தது. உள்ளே முழங்காலளவு சேறு நின்றதில் தளம் உள்வாங்கிவிட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனையைத் தார்ப்பாய் விரித்து நடத்தினோம்.

மதிலையும் தளத்தையும் சென்ற கோடையில் சரிசெய்ய 5,12,000 ரூபாய் ஆனது. இதற்கென்று தனியாக வந்த காணிக்கை 3,12,000. அதில் 1,85,000 சென்னை, மும்பை, வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பியது. 1,27,000 ரூபாயை, தாங்களும் வெள்ளத்தில் நஷ்டப்பட்டிருந்த உள்ளூர்க் குடும்பங்கள் கொடுத்தார்கள். மீதி இரண்டு லட்சத்துக்கு, 2024 மே மாதத்தில் சபையின் நிரந்தர வைப்புத் தொகையிலிருந்து எடுத்தோம்.

பாட்டியின் கேள்விக்கு “குறைந்திருக்கிறது” என்று நான் பதில் சொன்னது இந்த இரண்டு லட்சத்தினால்தான். அன்றாடச் செலவில் அது கரையவில்லை. அவசரம் வந்தால் எடுக்க வேண்டும் என்றுதான் நம் முன்னோர் வைத்துப்போனார்கள். அவசரம் வந்தது, எடுத்தோம்.

கையிருப்பு

2025 மார்ச் 31 அன்று வங்கியிலும் பெட்டியிலும் இருந்த மொத்தப் பணம் 8,49,100 ரூபாய். பாஸ்புத்தகத்தைப் பார்ப்பவர்களுக்கு எட்டரை லட்சம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் அது எல்லாம் நாம் தொடக்கூடிய பணம் அல்ல.

அதில் 4,00,000 ரூபாய் கல்வி உதவி நிதி. இறந்துபோன தங்கள் தாய் தகப்பன் நினைவாக, “இதன் வட்டியில் ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும்” என்று சொல்லிச் சில குடும்பங்கள் கொடுத்த பணம் அது. இந்த வருஷம் வட்டி 28,000 வந்தது. ஏழு பிள்ளைகளுக்குத் தலா 4,000 கொடுத்தோம். மதில் விழுந்தபோது, “வைப்பை ஏன் உடைக்கிறீர்கள், கல்வி நிதியை எடுத்துப் பிறகு திருப்பி வைக்கலாமே” என்று நல்ல மனதோடுதான் சிலர் சொன்னார்கள். கமிட்டி மறுத்தது. அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன். கொடுத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் போய்க் கேட்க முடியாது. அவர்கள் கையிலிருந்து எந்த வார்த்தையின்மேல் வாங்கினோமோ, அந்த வார்த்தைக்குத்தான் அந்தப் பணம் சொந்தம்.

இன்னொரு 5,700 ரூபாய் அசனக் கணக்கின் மீதி. அசனத்துக்கு வந்தது 2,64,000. அரிசி, ஆடு, விறகு, சமையல் கூலி எல்லாம் சேர்த்து 2,58,300 ஆனது. மீதி அடுத்த அசனத்துக்குத்தான்.

இவை போக, சபையின் தேவைக்கு எடுக்கக்கூடியது 4,43,400 ரூபாய். நிரந்தர வைப்பில் 3,00,000. சேமிப்புக் கணக்கிலும் கையிலும் 1,43,400. ஆண்டின் தொடக்கத்தில் இவை இரண்டும் சேர்ந்து 6,12,400 இருந்தது. நாளைக்கு ஒரு ரூபாயும் வராமல் நின்றுபோனால், முன்பு ஆறு மாதம் சபையை நடத்தியிருக்க முடியும். இப்போது நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம் முடியும். கூரை ஓடுகளுக்கு வயதாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இந்த நான்கு மாதம் போதுமானதாகத் தோன்றவில்லை. ஆகவே மீதி 31,000 ரூபாயில் 25,000 ரூபாயை வைப்பில் போட கமிட்டி பரிந்துரைக்கிறது. சபைக் கூட்டம் ஒப்புக்கொண்டால் போடுவோம்.

வரும் ஆண்டு

திருமண்டலப் பங்கு மாதம் 45,000 ரூபாயிலிருந்து 48,000 ரூபாயாகிறது. வருஷத்துக்கு 36,000 கூடுதல். மற்ற எல்லாம் இப்படியே இருந்தால்கூட, இந்த வருஷம் மீந்த 31,000 அடுத்த வருஷம் 5,000 ரூபாய் பற்றாக்குறையாகிவிடும். பலாப்பழமும் இல்லையென்றால் 45,000. சங்கக் காணிக்கை பாக்கி முழுவதும் வர வேண்டும் என்றில்லை. முக்கால் பங்கு வந்தாலே இதைச் சமாளித்துவிடலாம். ஏழைகள் உதவியையும் ஞாயிறு பள்ளியையும் குறைப்பதாக எந்தத் திட்டமும் இல்லை. குறைப்பதானால் பந்தல் அலங்காரத்தில்தான் முதலில் குறைப்போம்.

“ஆலய வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள்” என்று இரண்டாம் ராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை ஒரு மூப்பர் என்னிடம் அன்போடு எடுத்துக்காட்டினார். அதே அதிகாரத்தில், பெட்டியிலிருந்த பணத்தை ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள் என்றும் இருக்கிறது. நாமும் அப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்தவுடன், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் என் கைக்கு வருகிறது. எண்ணுவதற்கு இன்னும் நான்கு பேர் வேண்டும்; பெண்களும் முன்வந்தால் மகிழ்ச்சி.

கணக்குப் புத்தகங்கள், ரசீதுக் கோப்பு, தணிக்கை அறிக்கை எல்லாம் மே 18 ஞாயிறு ஆராதனைக்குப் பின் பிற்பகல் ஒரு மணி வரை ஆலய அலுவலக அறையில் திறந்திருக்கும். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு நானே உடன் இருந்து வாசித்துச் சொல்கிறேன். சபைக் கூட்டம் மே 25 ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நடைபெறும்.

இப்படிக்கு,
பொருளாளர், சபை கமிட்டி