கேமிங் கணினியைச் சேர்ந்து வாங்குவது குறித்து அறைத் தோழருக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
12.06.2025

அன்புள்ள சுடலைமுத்து அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். அம்பாசமுத்திரத்தில் நீங்களும் வீட்டில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறை முடியும் முன்னரே செல்பேசிக் கடையில் வேலை இருந்ததால் நான் களக்காட்டிலிருந்து திரும்பிவிட்டேன். நம் 214-ஆம் எண் அறையில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

சென்ற பருவத்தின் இறுதியில், நல்ல கேமிங் கணினி ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கினால் என்ன என்று சாப்பாட்டு வரிசையில் நின்றபடி பேசிக்கொண்டோமே, அது பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர் அறை நண்பர்கள் இருவர் பைக் ஒன்றை வாய்ப்பேச்சை மட்டும் நம்பிச் சேர்ந்து வாங்கி, ஒருவர் படிப்பை முடித்துப் புறப்பட்ட நாளில் அது யாருடையது என்ற வழக்கில் பேச்சுவார்த்தையே நின்றுபோனதை நாம் இருவரும் பார்த்தோம். நமக்குள் அப்படி ஒன்று வந்துவிடக் கூடாது என்பதால், பணம் தொடர்பான எல்லாவற்றையும் நீங்கள் அப்பாவிடமும் காட்டி யோசிக்கும்படி எழுத்தில் வைக்கிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கியிருக்கிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், மதர்போர்டு, 16 ஜி.பி. ராம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆகிய நான்கும் சேர்ந்து 26,000 ரூபாய். ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டும் 25,000. பவர் சப்ளையும் கேபினெட்டும் 7,500, 24 அங்குல மானிட்டர் 9,500, கீபோர்டும் மவுஸும் 1,500, யு.பி.எஸ். 5,500. ஜி.எஸ்.டி. உட்பட மொத்தம் 75,000 ரூபாய்.

இதில் கிராபிக்ஸ் கார்டின் விலைதான் உங்கள் கண்ணில் முதலில் படும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விளையாட்டுக்கு மட்டும் என்றால் நாலைந்தாயிரம் குறைவான ஆர்.எக்ஸ். 6600 போதும். 1080 அளவுத் திரையில் நான் விளையாடும் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் அதில் தடையின்றி ஓடும். ஆனால் நீங்கள் பிளெண்டரில் செய்யும் இயந்திர மாதிரிகளை ரெண்டர் செய்ய என்விடியா கார்டுகள் தெளிவாகவே வேகமானவை. 3060-இல் 12 ஜி.பி. நினைவகமும் இருப்பதால் பெரிய காட்சிகள் இடையில் நின்றுபோவது குறையும். இப்போது உங்கள் லேப்டாப்பில் ஒரு சிறு அசைபடத்துக்காக இரவு முழுக்க விழித்திருக்கிறீர்கள். பணத்தில் உங்கள் பங்கும் இருக்கும்போது, பொருளை என் விளையாட்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முறையாகாது. பழைய கார்டு ஒன்று 14,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை என்பதால் வேண்டாம் என்று வந்துவிட்டேன். நாம் தேர்ந்தெடுத்த பிராசஸரில் தனியாகக் காட்சி தரும் வசதி கிடையாது. கார்டு பழுதானால் திரையே இருண்டுவிடும். ஆகவே அந்த ஒரு பொருளில் சிக்கனம் பார்க்க எனக்கு மனமில்லை.

இதே விலைக்கு கேமிங் லேப்டாப் வாங்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். லேப்டாப் யார் கையில் ஊருக்குப் போகிறதோ அவருடையதாகவே ஆகிவிடும். மேசைக் கணினி அறையிலேயே இருக்கும், இருவருக்கும் பொதுவாக இருக்கும், ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி பங்கு பற்றி. சரிபாதி என்பது கேட்க நியாயமாகத் தோன்றினாலும், உங்களுக்கு இன்னும் ஓராண்டுதான் படிப்பு, எனக்கு ஈராண்டு. அதனால் நான் 45,000 ரூபாயும் நீங்கள் 30,000 ரூபாயும் போடுவது என்று முன்வைக்கிறேன். என் பணத்தில் 22,000 கடை வேலையில் சேர்த்தது. மீதி 23,000-ஐ, ஏத்தன் தார் வெட்டிய பணத்திலிருந்து அப்பா தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் 2026 மே மாதம் படிப்பை முடித்துச் செல்லும்போது, உங்கள் பங்கில் பாதியான 15,000 ரூபாயை நான் திருப்பித் தருவேன், கணினி என்னுடையதாகும். இதை ஒரே தடவையில் தர என்னால் இயலாது. மே மாதம் 7,500, அந்த ஆண்டு தீபாவளிக்குள் மீதி 7,500 என்று இரண்டு தவணைகளாகத் தருகிறேன். வேலை கிடைத்து நீங்களே கணினியை எடுத்துச் செல்ல விரும்பினால், அதன் அன்றைய சந்தை விலையைக் கடையில் கேட்டு, அதில் ஐந்தில் மூன்று பங்கை எனக்குத் தந்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முதல் உரிமை உங்களுடையது.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை 7 மணி முதல் 9 மணி வரை எனக்கும், 9 மணிக்கு மேல் உங்களுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ரெண்டரை இரவில் ஓடவிட்டு நீங்கள் தூங்கலாம், விசிறிச் சத்தம் எனக்குப் பழகிவிடும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து விளையாட்டு இல்லை. உங்கள் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் என் நேரமும் உங்களுக்கே. இருவருக்கும் தனித்தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்கும். பணம் கட்டி ஆடும் எந்த விளையாட்டும் இந்தக் கணினியில் ஏறாது என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அதைத் தயங்காமல் சொல்லலாம்.

மின்சாரம் பற்றி வார்டன் ஐயாவிடம் பேசிவிட்டேன். தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விளையாடும்போது மானிட்டரையும் சேர்த்து 300 வாட் என்று கொண்டால், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட், அதாவது 288 ரூபாய். இதைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். உங்கள் இரவு ரெண்டர் அதிகமாகும் மாதத்தில் மட்டும் மீட்டரைப் பார்த்துக் கணக்கிடலாம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வெயில்தான். நம் அறை மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிறது. சித்திரையில் மதியம் மின்விசிறிக் காற்றே அனலாக இறங்கும். கணினி இழுக்கும் 300 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியேறும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் பகல் 11 முதல் 4 வரை கனமான வேலை எதையும் அதில் ஓடவிடக் கூடாது. கேபினெட்டை ஜன்னல் ஓரமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் துடைப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் பக்கத்தில் மின்சாரம் சொல்லாமல் போய்விடுவதால்தான் யு.பி.எஸ்.ஸைப் பட்டியலில் சேர்த்தேன். அது விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல, உங்கள் வேலையைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்கத் தேவையான சில நிமிடங்களுக்காக.

வாரண்டிக் காலத்துக்கு வெளியே பழுது வந்தால் செலவு மூன்றுக்கு இரண்டு என்ற அதே விகிதத்தில் பகிர்வோம். ஒருவரின் கவனக்குறைவால் உடைந்தால் அவரே ஏற்க வேண்டும். நண்பர்களை அழைத்து வந்து அதில் உட்கார வைப்பது மற்றவரைக் கேட்ட பிறகே. பில்லில் இருவர் பெயரும் இருக்கும். இந்தக் கடிதத்தின் நகலில் நீங்களும் கையெழுத்திட்டால் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் இந்த விலையை ஜூன் 25 வரைதான் வைத்திருப்பதாகச் சொன்னார். 22-ஆம் தேதிக்குள் உங்கள் பதில் வந்தால் நலம். தொகையிலோ நேரத்திலோ மாற்றம் வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், பேசி முடிவு செய்வோம். இந்த ஆண்டு இது வேண்டாம் என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள் அண்ணா. அதனால் எனக்கு மனத்தாங்கல் எதுவும் வராது. பங்கு இல்லாவிட்டாலும், என்றேனும் நான் வாங்கும்போது உங்கள் ரெண்டருக்கு அந்தக் கணினியில் இடம் உண்டு.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் தம்பி,
இசக்கிராஜா