வீட்டில் 24 மணி நேரச் சிறுநீரும் மல மாதிரியும் சேகரிக்கும் முறை

திருகோணமலை நகரிலும் சூழவுள்ள ஊர்களிலும் இருந்து எமது ஆய்வுகூடத்திற்கு வருவோருக்கான அறிவுறுத்தல்

உங்களுக்கு ஒரு பெரிய போத்தலும், மூடியோடு சிறு கரண்டி பொருத்திய ஒரு சிறிய கொள்கலனும் தரப்பட்டுள்ளன. பெரியது ஒரு முழு நாளின் சிறுநீருக்கு, சிறியது மலத்திற்கு. இத்தாளை இன்றே ஒரு முறை முழுமையாக வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டி, சேகரிக்கும் நாளிலும் உடனிருந்து நினைவூட்டுவது நல்லது.

எந்த நாளில் தொடங்குவது

மாதிரிகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.00 மணிக்கும் 10.00 மணிக்கும் இடையில் பெறுகிறோம். ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவதொரு காலையில் தொடங்குங்கள். மறுநாள் போயா தினமாகவோ வேறு விடுமுறையாகவோ இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களில் இரண்டு மாதிரிகளையும் சேகரிக்க வேண்டாம், ஏனெனில் கலந்துவிடும் இரத்தம் முடிவைக் குழப்பும். நோன்பு அல்லது விரத நாட்களில் நீர் அருந்தும் ஒழுங்கு மாறிவிடுவதால், அவசரமில்லையெனில் வைத்தியரிடம் கேட்டு வேறு நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர்

சிறுநீரகங்கள் ஒரு நாளில் எவ்வளவு புரதத்தையும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளையும் வெளியேற்றுகின்றன என்பதை அளப்பதே இப்பரிசோதனையின் நோக்கம். புரதம் நாள் முழுவதும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால்தான் ஒரு வேளைச் சிறுநீர் போதாமல் முழு நாளினதும் தேவைப்படுகிறது.

தொடங்கும் நாள் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதற் சிறுநீரைப் போத்தலில் சேர்க்காமல் மலசலகூடத்திலேயே கழித்துவிட்டு, அந்த நேரத்தைப் போத்தலின் தாளில் எழுதுங்கள். அச்சிறுநீர் முந்தைய இரவில் உருவானது. அதனால் அது இந்த நாளின் கணக்கில் சேராது. காலை 6.00 மணிக்கு அதைக் கழித்தீர்களாயின், அதன் பின்னர் பகலிலும் இரவிலும் எத்தனை முறை போனாலும் ஒரு துளியும் விடாமல் அனைத்தையும் போத்தலில் சேர்த்து, மறுநாள் காலை 6.00 மணிக்கு, உந்துதல் இல்லாவிட்டாலும் ஒரு முறை போய், அதனையும் சேர்த்து நேரத்தை எழுதி முடிக்க வேண்டும். முதல் நாட் காலையை நீக்குவது, மறுநாட் காலையைச் சேர்ப்பது என்ற இந்த ஒழுங்கு தலைகீழாகிப் போவதே மீண்டும் சேகரிக்க நேர்வதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே அதனை இரண்டு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

போத்தலுக்குள் நேரடியாகச் சிறுநீர் கழிக்க வேண்டாம். கழுவி நன்கு உலர்த்திய ஒரு ஜக்கில் பிடித்து, உடனே போத்தலில் ஊற்றி மூடுங்கள். மூடியில் சிவப்புத் தாள் ஒட்டப்பட்ட போத்தலின் அடியில் சிறிதளவு அமிலம் இருக்கும். அது கல்சியம் போன்ற வேறு சில பரிசோதனைகளுக்காக இடப்படுவது. அதைக் கொட்டவோ, முகர்ந்து பார்க்கவோ, போத்தலைக் கழுவவோ கூடாது. தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் அவ்வாறே கழுவிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எந்தப் போத்தலாயினும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

மலம் கழிக்கப் போகும்போது சிறுநீரும் கூடவே போய்விடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் சிறுநீரை ஜக்கில் பிடித்த பின்னரே மலம் கழியுங்கள். கடைக்கோ, வேலைக்கோ, கடற்றொழிலுக்கோ போகவேண்டியிருந்தால் சுத்தமான சிறு போத்தலொன்றைக் கூடக் கொண்டுபோய், வீடு திரும்பியதும் பெரிய போத்தலில் ஊற்றலாம். ஆனாலும் வீட்டிலேயே இருக்கக்கூடிய ஒரு நாளைத் தெரிவுசெய்வதே எமது ஆலோசனை. ஒரு முறையேனும் தவறிவிட்டால், சேர்த்ததை மலசலகூடத்தில் கொட்டிவிட்டு, எம்மிடம் புதிய போத்தல் பெற்று வேறொரு நாள் தொடங்குங்கள்.

எமது ஊரின் வெயிலுக்குச் சிறுநீரில் கிருமிகள் விரைவாகப் பெருகிவிடும். ஆதலால் போத்தலை இறுக மூடி, பையொன்றினுள் இட்டு, உணவுப் பொருட்களிலிருந்து ஒதுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். உறைய விட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் மீனுக்குப் பயன்படுத்தும் றெஜிபோம் பெட்டியொன்றைக் கழுவி, ஐஸ் இட்டு, அதற்குள் வைத்தால் போதும். ஐஸ் கரையக் கரைய மாற்றுங்கள். போத்தல் நிறைந்துவிட்டால் மேலும் ஒன்றை எம்மிடம் பெற்று, இரண்டையும் கொண்டுவாருங்கள்.

வழமைபோல உண்ணுங்கள், வழமைபோல நீர் அருந்துங்கள். போத்தலை நிரப்புவதற்காக அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டியதில்லை. அன்று கடும் உடல் உழைப்பைத் தவிர்க்கவும். வழமையாக எடுக்கும் குளிகைகளை நீங்களாகவே நிறுத்தாமல், அவற்றின் பெயர்களைத் தாளில் எழுதுங்கள்.

மல மாதிரி

இயலுமாயின் சிறுநீர்ச் சேகரிப்பு முடியும் காலையிலேயே மலத்தையும் எடுங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் கொடுத்துவிடலாம். அன்று மலம் போகாவிட்டால் சிறுநீரை மட்டும் கொண்டுவாருங்கள். அதற்காக விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ எடுக்க வேண்டாம். அண்மையில் அன்டிபயோட்டிக், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து, அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஆகியவற்றை எடுத்திருந்தால், மாதிரி எடுக்குமுன் எமக்கு அறிவியுங்கள். இவற்றால் கிருமிகளும் அமீபாவும் கண்ணுக்குப் படாமற் போகலாம்.

மலத்தோடு சிறுநீர், தண்ணீர், மண், டெற்றோல் எதுவும் சேரக்கூடாது. குந்தியிருக்கும் மலசலகூடமாயின் சுத்தமான பொலித்தீன் விரிப்பையோ உலர்ந்த அகன்ற பாத்திரத்தையோ வைத்து அதில் கழியுங்கள். குழந்தையாயின் அணையாடையின் உட்புறத்தில் பொலித்தீன் விரித்து அதிலிருந்து எடுக்கலாம். மூடியிலுள்ள கரண்டியால் ஒரு பாக்கு அளவு எடுத்தால் போதும். நீராகப் போனால் இரண்டு மூன்று தேக்கரண்டி. சளியோ இரத்தமோ தெரியும் பகுதியைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், நாம் தேடுவது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். கொள்கலனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கக்கூடும். எஞ்சிய மலத்தை மலசலகூடத்தில் இட்டு, பொலித்தீனைத் தனியே கட்டிக் குப்பையில் போட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

கட்டியான மலத்தைக் குளிரில் வைத்து அன்று காலையே கொண்டுவரலாம். நீராகவோ சளி, இரத்தத்துடனோ போனால் அதிலுள்ள உயிருள்ள அமீபாக்கள் சிறிது நேரத்தில் அழிந்துவிடுவதால் அரை மணி நேரத்திற்குள் எம்மிடம் சேரவேண்டும். அதைக் குளிரூட்டவும் கூடாது. மூதூர், தோப்பூர், குச்சவெளி போன்ற தொலைவான இடங்களில் இருந்து வருவோர் அவ்வாறான நிலையில் வெறும் கொள்கலனோடு வந்து இங்குள்ள மலசலகூடத்திலேயே மாதிரி எடுத்துத் தரலாம்.

கொண்டுவரும்போது

ஒவ்வொரு கொள்கலனின் மூடியில் அல்லாமல் பக்கத்தில் முழுப்பெயர், வயது, திகதி, நேரம் ஆகியவற்றை எழுதி, மூடிகள் இறுகியுள்ளனவா என்று பார்த்து, நிமிர்த்தியபடி கொண்டுவாருங்கள். போத்தலிலிருந்து சிறிதளவை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொண்டுவருவது பயனற்றது, ஏனெனில் மொத்த அளவை நாமே அளக்கவேண்டும். கிரியாட்டினின் கணக்கிற்காக அன்று உங்களிடம் சிறிதளவு இரத்தமும் எடுத்து, உயரமும் நிறையும் பார்ப்போம். இடையில் சிறுநீர் சிந்தியிருந்தாலோ ஒரு முறை விடுபட்டிருந்தாலோ கருமபீடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் புரதத்தின் அளவு உண்மையிலும் குறைவாக அறிக்கையில் பதியப்பட்டு, வைத்தியர் அதை நம்பியே மருந்தைத் தீர்மானிக்க நேரும்.