பொருள்: தமிழ் இலக்கணம் – ஒலியியல் விரிவுரையாளர் பணியிடத்துக்கான விண்ணப்பம் (முனைவர் இரா. கயல்விழி)

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தமிழ்த்துறை அறிவித்துள்ள இலக்கணம் – ஒலியியல் விரிவுரையாளர் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் மொழியியலில் முனைவர் பட்டமும் பெற்றுள்ளேன். இப்போது இளங்கலை மாணவர்களுக்கு எழுத்து, சொல் இலக்கணத் தாள்களைப் பகுதிநேரமாக நடத்திவருகிறேன். கல்வி, பணி விவரங்கள் தன்விவரக் குறிப்பில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

அறிவிப்பில் 'மரபிலக்கணத்தையும் இன்றைய ஒலியியலையும் ஒருசேர நடத்தக்கூடியவர்' என்று கேட்டிருக்கிறீர்கள். பல பாடத்திட்டங்களில் இவை இரண்டும் தனித்தனித் தாள்களாகவே நின்றுவிடுகின்றன. நூற்பாவை மனப்பாடம் செய்த மாணவருக்கு அது எந்த ஒலியைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிவதில்லை. ஒலிப்பதிவை அளக்கத் தெரிந்தவருக்கு எதை அளப்பது என்று தெரிவதில்லை. மாணவர் முதலில் காதால் கேட்க வேண்டும், பிறகு தன் வாயால் சோதிக்க வேண்டும், அதன் பிறகே விதிக்கு வர வேண்டும் என்பது என் கற்பித்தல் கொள்கை.

குற்றியலுகரப் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். 'தனிக்குறில் அல்லாதவற்றை அடுத்து, சொல்லின் இறுதியில் வல்லின மெய்யை ஊர்ந்து வரும் உகரம்' என்ற வரையறையோடு வகுப்பைத் தொடங்குவதில்லை. பலகையில் 'காசு', 'பசு' என்று எழுதி, இரண்டோடும் 'இல்லை' சேர்த்துச் சொல்லச் சொல்வேன். 'காசில்லை', 'பசுவில்லை' என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஓர் உகரம் ஓடிவிடுகிறது, மற்றொன்று நின்று வகர உடம்படுமெய் பெறுகிறது. ஏன் என்ற கேள்வி எழுந்த பிறகு விதியைத் தந்தால் அது ஒட்டிக்கொள்ளும். அடுத்து 'கதவு', 'செலவு' ஆகியவற்றைத் தருவேன். வகரம் வல்லினம் அல்ல என்பதால் இவற்றின் உகரம் முற்றியலுகரமே. ஆனாலும் 'கதவடைத்தான்', 'செலவில்லை' என்றுதான் புணர்கின்றன. விதி உடைந்துவிட்டதே என்று மாணவர் திகைக்கும் இடத்தில், முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறே கெடும் என்று நன்னூல் சொல்வதைக் காட்டினால், இலக்கண ஆசிரியரும் தரவைப் பார்த்துத்தான் எழுதினார் என்பது அவர்களுக்குப் புரியும். இந்தப் பாடத்தில் நான் மிக விரும்பும் கட்டம் இதுதான்.

செய்முறைக்கு Praat என்ற இலவச மென்பொருள் போதும். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை முன்கூட்டியே பாடத்திட்டத்தில் குறித்திருக்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்யும்போது இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால், சொல்லின் கடைசியில் தேய்ந்து ஒலிக்கும் உகரத்தையும் அது இரைச்சல் என்று வெட்டிவிடக்கூடும். பிறகு 'குற்றியலுகரம் ஒலிக்கவே இல்லை' என்ற தவறான முடிவு வரும். எனவே அந்த வசதியை அணைத்து, 44100 Hz வேகத்தில், சுருக்கப்படாத WAV கோப்பாகப் பதிவு செய்ய வேண்டும். ஃபார்மன்ட் அளவீட்டின் மேல்வரம்பைப் பெண் குரலுக்கு 5500 Hz, ஆண் குரலுக்கு 5000 Hz என்று வைத்துத் தொடங்கலாம். ஒரே அளவை எல்லோருக்கும் வைத்தால் உயிரொலிகளின் மதிப்புகள் இடம் மாறிவிடும். 'பாட்டு' போன்ற வன்தொடர்ச் சொற்களில் உகரம் குரலதிர்வின்றி மூச்சாகவே ஒலிப்பதும் உண்டு. அதிர்வுக் கோடுகள் தெரியவில்லை என்பதால் உயிரே இல்லை என்று எழுதக் கூடாது.

மதிப்பீட்டில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிக்கும் வட்டாரத்திலிருந்து வரும் மாணவருக்கு அதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது. அவருடைய பதிவும் வகுப்புக்குத் தரவுதான். ழகரத்தில் மூன்றாம் ஃபார்மன்ட் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை இரு வகைப் பேச்சாளரிடமும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்ற தொல்காப்பியப் பிறப்பியல் விளக்கம் உயிர்பெறுகிறது.

என் ஆய்வு ஆர்வமும் இதே இடத்தில்தான் மையம் கொள்கிறது. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை, முற்றியலுகரத்துக்கு ஒரு மாத்திரை என்கிறது இலக்கணம். இன்றைய பேச்சில் இவற்றின் வேறுபாடு கால அளவில் இருக்கிறதா, இதழ்குவிவில் இருக்கிறதா, இரண்டிலுமா என்பதே என் கேள்வி. இதழ் குவியாவிட்டால் இரண்டாம் ஃபார்மன்ட் உயரும் என்பதால் இதை அளந்து பார்க்க முடியும். சோதனை வாக்கியத்தை அமைப்பதில்தான் சிக்கல். 'காசு என்று சொன்னாள்' என்று வைத்தால், அடுத்து வரும் எகரத்தால் அளக்க வேண்டிய உகரமே கெட்டுவிடும். வல்லினத்தில் தொடங்கும் சொல்லை வைத்தால் வன்தொடரை அடுத்து ஒற்று மிகக்கூடும். சொல்லைத் தனியாகச் சொல்ல வைத்தால் இறுதி உயிர் இயல்புக்கு மீறி நீளும். ஆகவே 'அவள் காசு மட்டும் சொன்னாள்' என்ற சட்டகத்தை ஆய்வு அறிக்கையில் முன்வைத்திருக்கிறேன். மகரத்தின் தொடக்கத்தில் ஒலிச்செறிவு சட்டென்று குறைவதால் உகரம் முடியும் இடத்தைக் குறிக்கவும் எளிது. பேசும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வெறும் மில்லிநொடியாக ஒப்பிடாமல் வாக்கிய நீளத்துக்கான விகிதமாகவும் கணக்கிட வேண்டும்.

குற்றியலுகரத்தின் ஆறு வகைகளுக்கும் பதிவுகளைச் சேகரித்து, ஒலி எல்லை குறித்த TextGrid கோப்புகளோடு, பேசியவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றுத் துறையில் சேமித்து வைப்பது முதல் இரண்டு ஆண்டுகளுக்கான திட்டம். ஆய்தத்தொடருக்கு 'எஃகு', 'அஃது' போன்ற சில சொற்களே கிடைக்கும் என்பதால் அதைப் புள்ளியியல் ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியாக விவரிப்பேன். அமைதியான ஓர் அறை, ஒரு தலைமாட்டி ஒலிவாங்கி, இரண்டு கணினிகள் இருந்தால் பணியைத் தொடங்கலாம். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கும் இந்தத் தொகுப்பு பயன்படும்.

இம்மின்னஞ்சலுடன் இணைத்துள்ளவை:

1. தன்விவரக் குறிப்பு, 3 பக்கம் (1_தன்விவரம்.pdf). பரிந்துரையாளர் மூவரின் தொடர்பு விவரங்களும் இதிலேயே உள்ளன.
2. கற்பித்தல் கொள்கை அறிக்கை, 2 பக்கம் (2_கற்பித்தல்.pdf). 14 வாரத் தாளுக்கான மாதிரிப் பாடத்திட்டம் பின்னிணைப்பில் உள்ளது.
3. ஆய்வு அறிக்கை, 4 பக்கம் (3_ஆய்வு.pdf)
4. பட்டச் சான்றிதழ்கள், பணிச் சான்று, ஒரே கோப்பாக (4_சான்றுகள்.pdf)

தமிழ் எழுத்துரு எந்தக் கணினியிலும் சிதையாதிருக்க எல்லாக் கோப்புகளிலும் எழுத்துருவை உட்பொதித்திருக்கிறேன். தமிழ்க் கோப்புப் பெயர்கள் சரியாகத் தெரியாவிட்டால் முன்னால் உள்ள எண்ணைக் கொண்டு அடையாளம் காணலாம்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் குற்றியலுகரத்தையோ நீங்கள் தரும் வேறு இலக்கணப் பகுதியையோ 40 நிமிடத்தில் நடத்தத் தயாராக இருக்கிறேன். பலகையும் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். நேர்காணலுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு எந்த நேரமும் வசதிப்படும். முற்பகல் என்றால் வகுப்பை மாற்றிக்கொள்ள இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முனைவர் இரா. கயல்விழி